நடக்காத ஆபரேஷன்

தட்டுக்கடை பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்து சாயா குடிப்பதை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது. ரோஜாவின் வயிற்றெரிச்சலே அதுதான். கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஏலக்காய்க் கிட்டங்கிகள் கதவை அடைக்கிற நேரத்துக்கு விக்கி வந்துவிடுவான். ஒரு சாயா சொல்வான். அதை ஆறவைத்து, ஆடை படியவைத்து, கடை கட்டும் வரைக்கும் குடிப்பான். ரோஜாவின் தள்ளுவண்டிக் கடையில் இருப்பதே ஒரு பெஞ்சு. அதன் நட்டநடுவில் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டு, தோசைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பான்.

"சேட்டா, உட்காருங்க. ரோஜாக்கா வீட்டுல பாக்கி தரவேண்டியது எங்களுக்கு மட்டும்தான், உங்களுக்குப் பிரச்சினை இல்ல" என்பான்.

வந்தவர்கள் பார்சல் வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு பார்சலும் வாங்காமல் எதிர்க்கடைக்குப் போனார்கள். மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. சுமைதூக்கிவிட்டு வரும் ரோஜாவின் புருஷன் இசக்கிதுரையோ, விக்கியைக் கண்டதும் சந்துக்குள் திரும்பி, பாத்திரம் கழுவுகிற சாக்கில் குத்தவைத்துவிடுவான். அந்த மனுஷன் வீட்டில் ஒரு டம்ளர் கழுவி அவள் பார்த்ததில்லை.

விக்கி கெட்ட வார்த்தை பேசினால் திருப்பிப் பேசலாம். கையை நீட்டினால் கரண்டியால் போடலாம். அவன் தென்காசிப் பக்கத்துக்காரன், அக்கா அக்கா என்றுதான் கூப்பிட்டான். அவனை அனுப்புகிற சுதீரோ அதற்கும் மேல், தங்கமான மனுஷன். பக்கத்துச் சுள்ளிக்கல் பகுதியில் கண்ணாடி போட்ட லாட்டரிக்கடை வைத்திருந்தான். முன்பக்கம் அரசாங்க லாட்டரிச் சீட்டு, பின்பக்கம் எழுத்து.

எழுத்து என்றால் சீட்டே இல்லாத லாட்டரி. மத்தியானம் மூன்று மணிக்கு நடக்கிற அரசாங்கக் குலுக்கலில் முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிக் காசு கட்டவேண்டும். சொன்னது அப்படியே வந்தால் பத்து ரூபாய்க்கு ஐயாயிரம். வராவிட்டால் பத்து ரூபாய் போச்சு, அவ்வளவுதானே என்று இசக்கிதுரை தொடங்கினான். பத்து ரூபாயில் நிற்கிறவன் யார்? கையில் காசு இல்லாத நாளில் சுதீர்தான், "பைசா பின்னே தந்தா போதும், நம்பரை வாட்ஸ்அப்பில் போடு" என்றான். அந்த ஒரு வார்த்தையில் இசக்கிதுரை தொலைந்தான். கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற காசுக்கு ஒரு வலி இருக்கிறது. நம்பரைத் தட்டி அனுப்புவதற்கு என்ன வலி?

சனிக்கிழமை தோறும் கணக்கு. கட்ட முடியாததற்கு வாரத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி. விட்டதைப் பிடிக்க இன்னும் பெரிதாக எழுத்து. ஒரு தடவை உண்மையிலேயே ஐயாயிரம் விழுந்தது. அன்றைக்கு அவன் அரைக்கிலோ அல்வா வாங்கி வந்தான், கடனுக்கு. ஐயாயிரத்தில் ஒரு ரூபாயைக்கூட அவன் கண்ணால் பார்க்கவில்லை. வட்டியில் கழித்துக்கொண்டதாகச் சுதீர் ஒரு கைகூப்பும் படம் அனுப்பியிருந்தான். இப்படியாக, எழுதித் தோற்றது நாற்பதாயிரத்துக்குள்தான் இருக்கும். சுதீர் சொல்கிற பாக்கி மட்டும் இரண்டு லட்சத்தை நெருங்கிவிட்டது.

இதெல்லாம் ரோஜாவுக்குத் தெரிந்ததே செக் விஷயம் வெளியே வந்த பிறகுதான். வங்கிக் கணக்கு அவள் பேரில். தட்டுக்கடைக்கு லோன் எடுத்தபோது கிடைத்த செக்புக். "புதுசா ஃப்ரீசர் தவணையில தாரான், ஒரு கையெழுத்து மட்டும் போடு, மத்ததைக் கடைக்காரன் எழுதிக்கிடுவான்" என்று இசக்கிதுரை சொன்னதை நம்பி, அடுப்படியிலேயே ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஃப்ரீசர் வரவேயில்லை. செக் சுதீரின் மேஜைக்குள் போனது.

"நான் எழுதினேனா? நான் வெளையாடினேனா? எம்பேர்ல கேஸ் வருமாம்ல! உமக்கு மண்டைக்குள்ள என்னதான்யா இருக்கு?" என்று கத்தினாள். இசக்கிதுரை தலையைக் குனிந்துகொண்டு, "மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றான். மனுஷனுக்கு அப்போதும் கவலை பக்கத்து வீடுதான்.

இந்த நிலைமையில்தான் ராமபத்ரன் மாமா உள்ளே வந்தார். பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கொச்சிக்காரர். ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்; அங்கிருக்கிற தமிழ்க் குடும்பங்களின் சங்கத்துக்குத் தலைவர். எந்தச் சண்டையானாலும் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி முடிப்பார். அவர் மனைவி கமலாக்ஷி மாமிக்குப் போன வருஷம் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகியிருந்தது. ரோஜா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்தாள். மாமி எதையும் தூக்கக்கூடாது என்று மாமா சொன்னதிலிருந்து, அவர்கள் வீட்டு அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றிக் கொடுப்பதும் ரோஜாதான். கடை போட விட்டிருப்பதே அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான், நன்றிக்கடன் என்று நினைத்துச் செய்தாள்.

"போலீஸ், கோர்ட்டுன்னு போனா மானம் போயிடும், கேட்டயா?" என்றார் மாமா. "நான் சுதீர்கிட்ட பேசிட்டேன். சமாதானமா ஒரு ஒத்துத்தீர்ப்பு பண்ணிடலாம். வட்டியிலே கொஞ்சம் குறைச்சுப்பான். மாசத் தவணை. ஞாயித்துக்கிழமை சங்கத்திலே வச்சு ஒரு பத்திரம் எழுதிட்டா அந்தப் பையன் பெஞ்சுக்கு வரமாட்டான்."

"பத்திரத்துல என்னன்னு மாமா எழுதுவீங்க?" என்றாள் ரோஜா.

"லாட்டரி எழுதினதுன்னா எழுத முடியும்? உன்னோட ஆபரேஷனுக்குக் கைமாத்து வாங்கினதா எழுதுவா. கௌரவமா இருக்கும்."

இசக்கிதுரையின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது. பொண்டாட்டி ஆபரேஷனுக்குக் கடன் வாங்கினவன் என்றால் நாலு பேர் மதிப்பார்கள். அவனுக்கு அந்த ஆபரேஷன் அவ்வளவு பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே கிட்டங்கியில் ஒருவனிடம், வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். ரோஜாவுக்கு எரிச்சலில் அழுகை வந்தது. மாவாட்டி, மீன் வறுத்து, சுடுசட்டி தூக்கி நிற்கிற அவளை நோயாளியாக்கிவிட்டு அவன் மானஸ்தன் ஆகிறானாம்.

ஆனாலும் பெஞ்சு காலியாகும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவளும் ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பத்திரத்தை ஒப்புக்கொண்டுதான் படுத்திருந்தாள். காலையில், குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தில் எப்போதோ ஒரு வக்கீலம்மா வந்து பேசியது ஞாபகம் வந்தது. அன்று அவள் பாதிக்கு மேல் தூங்கிவிட்டாள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் கிடைக்கும் என்றது மட்டும் காதில் விழுந்திருந்தது. கடையை அடைத்துவிட்டு, இசக்கிதுரையைச் சட்டைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, தோப்பும்படி கோர்ட்டில் இருக்கிற சட்ட உதவி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த ஸுப்ரியா என்கிற வக்கீல் தமிழிலேயே பேசினாள். முழுவதையும் கேட்டாள். இசக்கிதுரை அங்கேயும் ஆபரேஷன் என்று ஆரம்பிக்க, ரோஜா அவன் தொடையில் கிள்ளினாள்.

"எதுக்கு வாங்கின காசுன்னு உண்மையைச் சொல்லுங்க" என்றாள் ஸுப்ரியா. "உங்களைக் காப்பாத்தப்போறதே அந்த உண்மைதான். பந்தயத்துல தோத்த காசை எந்தக் கோர்ட்டும் வசூல் பண்ணிக் கொடுக்காது. அந்த ஒப்பந்தமே செல்லாது. ஆனா ஆபரேஷனுக்குக் கைமாத்துன்னு நீங்களே கையெழுத்துப் போட்டா, அது சாதாரணக் கடன் ஆயிடும். அதுக்குக் கேஸ் போடலாம். அப்புறம் நான் வந்து இது லாட்டரிக் காசுன்னு சொன்னா, பத்திரத்துல உங்க கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"செக்கு?" என்றாள் ரோஜா. "என் கையெழுத்து போட்ட செக்கு அவன்கிட்ட கெடக்கே."

"இருக்கட்டும். அவன் தொகையை எழுதி பேங்க்ல போடலாம். திரும்பி வந்தா வக்கீல் நோட்டீஸ் வரும். வந்தா பயந்துபோய் அடுப்புல போட்டுடாதீங்க, அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. அன்னிக்கே இங்கே கொண்டு வாங்க. பதினஞ்சு நாளைக்குள்ளே பதில் போகணும். செக் கேஸ் நிக்கணும்னா அதுக்குப் பின்னாடி சட்டப்படி செல்லுற கடன் இருக்கணும். கோர்ட்டு முதல்ல செக் வச்சிருக்கறவன் பக்கம்தான் நினைக்கும், இல்லைன்னு காட்டவேண்டியது நம்ம பொறுப்பு. அந்த மெசேஜெல்லாம் இருக்கா?"

இசக்கிதுரை போனை எடுத்தான். காட்டுவதற்கில்லை. மேஜைக்கு அடியில் வைத்து அழிக்கப் பார்த்தான். ரோஜா பிடுங்கினாள். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா?

"நம்பர், வட்டி, கைகூப்புற படம், எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று ஸுப்ரியா சிரிக்காமல் சொன்னாள். "லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடறதே குற்றம். இவ்வளவு வட்டி வாங்கறது இன்னொரு குற்றம். ஆளை அனுப்பி மிரட்டறது வேற. போலீஸுக்கு ஒரு பெட்டிஷன் எழுதித் தரேன். கொடுத்துட்டு ரசீது வாங்குங்க."

"நான் எழுதினதுக்கு என்னையும் புடிப்பாங்களே மேடம்?" என்றான் இசக்கிதுரை. அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி.

"பிடிக்க மாட்டாங்கன்னு நான் பொய் சொல்லமாட்டேன். நீங்க ஆடினதும் தப்புதான். அதுக்கு அபராதம், கேஸுன்னு வரலாம், நான் கூட இருப்பேன். அந்தப் பயத்தை வச்சுதான் அவங்க பொழைக்கிறாங்க." அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். "ஒண்ணு யோசிங்க. அந்த செக்கே போதும்னா சுதீர் எதுக்குப் பத்திரம் கேக்குறான்?"

ரோஜாவுக்கு அந்தக் கேள்வி போதும். பஸ்ஸில் திரும்பும்போது இசக்கிதுரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். தோப்பும்படி தாண்டிய பிறகு, "எல்லார் முன்னாலயும் நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றான். நம்பரை அனுப்பும்போது இந்த வெட்கம் எங்கே போயிருந்தது என்று ரோஜா கேட்க நினைத்தாள், பஸ்ஸில் கூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சுதீர் வெள்ளை வேட்டியில் வந்து எல்லோரையும் கும்பிட்டான். விக்கி வாசலில் நின்றான். கமலாக்ஷி மாமி ஒரு ஓரத்தில் தலையணை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சங்கத்தில் மாமிக்கென்று தனியாக வைத்திருக்கிற நாற்காலி அது. வெறும் மரத்தில் மாமி உட்காரக்கூடாது என்று மாமா சொல்லியிருந்தார்.

பத்திரம் மலையாளத்தில் இருந்தது. சுதீர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான். "என் பாரியாள் ரோஜாவுக்கு கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வேண்டி, சுதீர் என்ற ஆளிடமிருந்து ரொக்கமாக வாங்கிய தொகை... மாசம் பதினஞ்சாயிரம் வச்சு... தவறினா ரோஜாவின் தட்டுக்கடை வண்டியும் சாமானும்..."

"வண்டியுமா?" என்றாள் ரோஜா.

"அது சும்மா ஒரு வழக்கம் சேச்சி. ஒரு உறுதிக்கு."

"எனக்கு எந்த ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆச்சு, அதையும் எழுதிப்புடுங்களேன்."

ராமபத்ரன் மாமா தொண்டையைக் கனைத்தார். "ரோஜா, இது எல்லாரும் எழுதறதுதான். நீ இசக்கிதுரையோட மானத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு."

நினைத்தாள். மாவு புளித்தது, எதிர்க்கடையில் கூட்டம் நின்றது, ஃப்ரீசர் வராதது எல்லாவற்றையும் நினைத்தாள். இந்த மானத்தைப் பராமரிக்க எத்தனை பேர் வேலை செய்யவேண்டியிருக்கிறது! அவளே எழுந்து இது எழுத்து லாட்டரிக் காசு என்று கத்தியிருப்பாள். ஆனால் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேச்சு அவள் மேல் திரும்பும், அவன் மறுபடி சந்துக்குள் போய்க் குத்தவைத்துவிடுவான். சொல்லவேண்டியவன் அவன். பேனா ஏற்கனவே அவன் கையில் இருந்தது.

"ஏங்க" என்றாள், மெதுவாகத்தான். "நீங்க இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா, நான் நாளையிலயிருந்து படுத்துக்கிடுவேன். ஆபரேஷன் ஆனவ எப்படி தோசை சுடுவா? மாவு நீங்க ஆட்டுங்க, மீன் நீங்க வறுங்க, பெஞ்சுல இருக்கவனுக்கு சாயாவும் நீங்களே ஆத்திக் குடுங்க. நான் கமலாக்ஷி மாமி மாதிரி தலையணை வச்சு உக்காந்துக்கிடுதேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். கமலாக்ஷி மாமி சிரிக்கவில்லை. மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிதுரை பேனாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். பிறகு யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்தே, மூட்டை தூக்குகிறவன் மூச்சு விடுவதுபோல் சொன்னான். "இவளுக்கு ஒரு சீக்கும் கெடையாது. நான் நம்பர் எழுதினேன். எழுத்து லாட்டரி. கடனுக்கு எழுதினேன், வட்டி போட்டாரு. ஃப்ரீசருன்னு பொய் சொல்லி இவ கையெழுத்தை வாங்கினதும் நான்தான்."

சுதீரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கண் மட்டும் மாறியது. "இசக்கி, நீ கோர்ட்டில் இதைச் சொன்னா உனக்கும்தான் கேஸ்" என்றான்.

"ஆமா. வக்கீலம்மா சொன்னாங்க" என்றான் இசக்கிதுரை. பேனாவைச் சுதீர் பக்கம் தள்ளி வைத்தான். ரோஜாவுக்கு, கல்யாணமான நாளிலிருந்து அவன் மேல் இருந்த கோபத்தில் ஒரு பங்கு குறைந்தது. முழுவதும் இல்லை, ஒரு பங்குதான்.

மறுநாள் பெட்டிஷனைக் கொடுத்து ரசீது வாங்கினார்கள். நம்பர் எழுதினதையும் மறைக்காமல் அதிலேயே எழுதியிருந்தது. சுதீரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் வக்கீலோடு வந்து, எழுத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, செக் கைமாற்று வாங்கினவர்கள் கொடுத்தது என்றான். போனில் இருந்த மெசேஜ்களைப் போலீஸ் பார்த்தது. இசக்கிதுரையையும் இரண்டு தடவை கூப்பிட்டு வாக்குமூலம் எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் ரோஜா ஸ்டேஷன் வாசல் வரைக்கும் கூடப் போய் அவனை உள்ளே அனுப்பவேண்டியிருந்தது. செக் இன்னும் சுதீரிடம்தான். நோட்டீஸ் வந்தால் எங்கே கொண்டு போகவேண்டும் என்பது மட்டும் இப்போது தெரியும். விக்கி பெஞ்சுக்கு வருவது நின்றது.

ஆனால் சங்கத்துக்காரர்களும் வருவது நின்றது. ராமபத்ரன் மாமா கடைக்கு எதிரே நடந்து போகும்போது குடையை இந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு போனார், வெயில் அந்தப் பக்கம் அடித்தது. ரோஜாவுக்கு அதுவும் எரிச்சல்தான். போகட்டும், அரிசி மூட்டையை அவரே தூக்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் கமலாக்ஷி மாமி தனியாக வந்தாள். ரோஜா அப்போது தண்ணீர் கேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இருபது லிட்டர் கேன். வண்டி மேல் தூக்கிக் கவிழ்க்கவேண்டும், கை வழுக்கியது. மாமி பையைப் பெஞ்சில் வைத்தாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், கேனை ரோஜாவின் கையிலிருந்து வாங்கி, ஒரே தூக்கில் மேலே வைத்துக் கவிழ்த்துவிட்டாள்.

"ஐயோ மாமி! என்ன காரியம் பண்றீங்க? ஆபரேஷன் பண்ணின வயிறு!"

"எந்த ஆபரேஷன்?" என்றாள் கமலாக்ஷி மாமி.

மாமி பெஞ்சில் உட்கார்ந்தாள், வெறும் மரத்தில்.

"எனக்கு ஒரு ஆபரேஷனும் ஆகலைடி. இவரும் நம்பர் எழுதித் தோத்தார், அதுக்கு எழுதின பத்திரத்திலேதான் ஆச்சு. அதே சுதீர், அதே வரி, பேர் மட்டும்தான் வேற. வருஷம் ஒண்ணாச்சு. யாராவது பார்த்துட்டா பத்திரம் பொய்யுன்னு ஆயிடுமாம், அதனாலே நான் ஒரு குடம் தூக்கினதில்லை. ஆத்துலே சும்மா உக்காந்து உக்காந்து நிஜமாவே முதுகு வலிக்கறது. மாசாமாசம் பென்ஷன் பாதி அங்கே போறது."

ரோஜாவுக்கு முதலில் வந்தது கோபம். மாடிப்படியில் ஏற்றிய அரிசி மூட்டைகள் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தன. ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வந்தது. அந்த ராமபத்ரன் மாமா தானே மாட்டிக்கொண்டு கிடந்த பத்திரத்தில் இன்னொருத்தரையும் மாட்டிவிடப் பார்த்தாரே, என்ன மனுஷர்கள் இவர்கள்! திட்ட வாயெடுத்தவள், மாமியின் கையைப் பார்த்தாள். கேன் தூக்கிய கை சிவந்திருந்தது. மாமி அதைத் தேய்த்துக்கொண்டே, வெட்கமில்லாமல், சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சே, எங்களுக்கு வழி இருக்குமாடி?"

"கஷ்டந்தான்னு சொல்லுவாங்க, ஆனா கேட்டுப்பாக்கலாம். மாமா போன்ல பழைய மெசேஜ் இருக்கா?"

"அழிச்சுட்டேன்னார். ஆனா அதுக்கு முன்னாடியே என் போனுக்கு அனுப்பி வச்சுண்டேன், அவருக்குத் தெரியாது." மாமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த வக்கீல் பொண்ணு நாளைக்கு இருப்பாளா?"

"பத்து மணிக்கு இருப்பாங்க. நானும் வாரேன்" என்றாள் ரோஜா. பிறகு வண்டிக்கு அடியில் இருந்த இன்னொரு கேனைக் காலால் தள்ளினாள். "அதுக்கு முன்னால இதையும் தூக்கி வச்சுட்டுப் போங்க மாமி. ஒரு வருஷம் நான் தூக்கியிருக்கேன்."